ஒரு A கூடுதல்

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை திறப்பவர் வாயில் முதலில் வருவது காமாட்சி பெயர்தான். KAMAKSHI SILKS என்று எழுதி எண்கணிதப்படி கூட்டினால் 31, சுருக்கினால் 4. ராகு! கடைக்காரரின் பெரியப்பா முகம் சுளிப்பார். நடுவில் ஒரு A சேர்த்து KAMAAKSHI ஆக்கினால் 32, அதாவது 5. புதன், வியாபாரக் காரகன். பெரியப்பாவுக்குத் திருப்தி.

முகூர்த்தப் புடவை வாங்க வரும் சென்னை மாமியோ செல்போனில் நடுவில் ஒரு A-வைத்தான் தட்டுவார். அது அவரை வேறொரு காமாட்சியிடம் கொண்டுபோய் விடும். தமிழ்ப் பலகையில் அந்த A-வுக்கு இடமே கிடையாது. அங்கே ராகுவும் புதனும் ஒரே காமாட்சிதான்.

அம்மன் பெயர் ஊருக்கே பொது. முன்னால் தாத்தா பெயரைச் சேருங்கள், கடை தனியாகத் தெரியும். கூட்டுத்தொகையைப் பெரியப்பா பிறகு பார்த்துக்கொள்வார்.