ஏரியை மறக்காத ஒரே காகிதம்

சென்னையில் ஏரி எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? சர்வே எண்ணைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் பக்கம் போகாதீர்கள். அங்கே அது என்றைக்கோ 'வகை மாற்றம்' ஆகி மோட்சம் அடைந்திருக்கும். பில்டரையும் கேட்காதீர்கள், அவருடைய பளபளப்பான பிரசுரத்தில் அது 'லேக் வியூ' என்று பல்லிளிக்கும். வீட்டுக்கடனோடு சேர்த்து உங்கள் கையில் திணித்தார்களே, அந்த வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுங்கள். 'நிலம் உள்வாங்குதல்' என்ற இடத்தில் கொஞ்சம் கண்ணை ஓட்டுங்கள். நிரப்பி உயர்த்திய நிலம் அமிழ்ந்தால் பணம் கிடையாது. புதுக் கட்டடம் அடங்கி உட்காரும்போது விழும் விரிசலுக்குக் கிடையாது. கடலோ ஆறோ கரையை அரித்தால் கிடையாது. வடிவமைப்பிலோ வேலையிலோ சாமானிலோ குறை இருந்தால் கிடையாது.

எங்கோ உட்கார்ந்து எழுதிய வாசகம்தான். ஆனால் நம்மூர் ரியல் எஸ்டேட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் எழுதியதைப்போல இருக்கிறது.

தனியார் பில்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. முகப்பேரில் குடியிருப்பு போட்டு, அதற்கு 'ஏரித் திட்டம்' என்றே வெட்கமில்லாமல் பெயரும் வைத்தது அரசாங்கத்தின் வீட்டு வசதி வாரியம். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று தெருவுக்குத் தெரு போர்டு இருக்கிறது, லேக்தான் இல்லை. தியாகராய நகர் 1920-களிலேயே நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. நூறு வருஷப் பாரம்பரியம். அனுமதி கொடுத்தவருக்கு அது மனை, பத்திரம் பதிந்தவருக்கு மனை, கடன் கொடுத்த வங்கிக்கும் மனை. பணம் கொடுக்க வேண்டிய ஒருவனுக்கு மட்டும் அது 'நிரப்பிய நிலம்'.

இந்தப் பாலிசியைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடிப்படைப் பாலிசிக்குள்ளேயே உண்டு. குறைந்த தொகைக்கு எடுத்திருந்தால் அதே விகிதத்தில் இழப்பீட்டையும் வெட்டுகிற பழைய வழக்கமும் இதில் இல்லை. நல்ல பாலிசிதான். நம் ஊர்தான் அதற்குப் பொருந்தாத ஊர்.

வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு என்று வைத்துக்கொள்வோம். உள்பரப்பு 800 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை 20 லட்சம். 'வீட்டு மதிப்பு ஒன்றே கால் கோடியாச்சே' என்று பதறாதீர்கள். மிச்சமெல்லாம் மண்ணின் விலை. மண்ணுக்குக் காப்பீடு இல்லை. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். உச்சவரம்பு 10 லட்சம். இதை வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளவும் வழி உண்டு. கடன் கொடுக்கிற இடத்தில் அந்த வேலையை உங்களைக் கேட்காமலே முடித்துவைக்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். "கட்டடம் மட்டும் போட்டுட்டேன் சார், பிரீமியம் கம்மியாகும்." அவருக்கு வேண்டியது அடமானச் சொத்து. உங்கள் கட்டிலும் பீரோவும் அவருக்கு எதற்கு?

இப்போது 2023 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் மழை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்தபின் சர்வேயர் வருகிறார். சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறது. அதற்குக் கீழே பூச்சு உரிந்திருக்கிறது, கதவு உப்பியிருக்கிறது, ஒயரிங் போயிருக்கிறது. இதெல்லாம் வெள்ளம், எழுதிக்கொள்கிறார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, அதுவும் சரி. "பில் இருக்கா சார்?" ஃப்ரிட்ஜை மூழ்கடித்த வெள்ளம் பில்லை மட்டும் நனையாமல் காப்பாற்றிக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. சாமானை அதற்குள் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டீர்களா? போட்டோவாவது எடுத்தீர்களா? இல்லையென்றால் அப்படி ஒரு ஃப்ரிட்ஜ் உலகத்தில் இருந்ததே இல்லை.

பீரோவில் ஊறிய ரொக்கம், மனைப்பத்திரம், சேமிப்புப் பத்திரம் எதற்கும் கிடையாது. வாசலில் மிதந்த ஸ்கூட்டருக்கு மோட்டார் பாலிசியில் போய்ப் பாருங்கள். நகைக்குத் தனியாக மதிப்புப் போட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கவேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு மச்சான் வீட்டுக்குப் போன நேரத்தில் திருடு போனால்? உண்டு, ஆனால் வெள்ளம் வந்த ஏழு நாளைக்குள் போயிருக்கவேண்டும். எட்டாம் நாள் வருகிற திருடனிடம் தேதியைக் காட்டித் திருப்பி அனுப்புவது உங்கள் பொறுப்பு.

இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மையான வெள்ளம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்புகிறது. தரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிறது. ஊறிய நிரப்புமண் இறங்குகிறது. மறுபடியும் சர்வேயர். இந்த முறை அவருக்கு அதிக நேரம் ஆகாது. தண்ணீர்க் கோட்டை ஒட்டிய உரிதல் என்றால் வெள்ளம். மூலைவிட்டத்தில் ஓடும் விரிசல் என்றால் 'செட்டில்மென்ட்'. நிரப்பிய நிலம் சார், பாலிசியிலேயே போட்டிருக்கே. மழைக்கு முன்பு அந்தச் சுவர் முழுசாக இருந்ததற்குத் தேதியோடு படம் இருந்தால் வாதாடிப் பார்க்கலாம், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரைக்கும் போகலாம். படம் இல்லாதவர் யாரிடம் போவது? ஏரியிடமா?

தீயின் கதை வேறு. மின்கசிவில் டிவி வெடித்து, திரைச்சீலை பிடித்து, ஹால் முழுக்க எரிந்தால், ஹாலுக்குப் பணம் உண்டு. ஆரம்பித்துவைத்த டிவிக்கு மட்டும் கிடையாது. அது குற்றவாளியாம். புயலிலும் இதே நியாயம்தான்: காற்று கூரையைப் பிய்த்தால் சரி, மரம் விழுந்து சுவர் உடைந்தால் சரி. கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்று ஒருநாள் திண்ணையை விழுங்கினால் அது புயல் அல்ல, அரிப்பு. தூண்டில் வளைவைத் தவறான இடத்தில் போட்டவனைப் பற்றி எந்தப் பாலிசியிலும் ஒரு வரிகூட இல்லை.

கட்டடத்துக்குக் கிடைத்த பணமும் நேராக உங்களிடம் வராது. அடமானம் இருக்கும்வரை முதல் உரிமை வங்கிக்கு. அவர்கள் விரும்பினால் அதைக் கடனில் வரவு வைத்துக்கொள்ளலாம். உரிந்த சுவருக்குப் பூச்சுப் பூச நீங்கள் இன்னொரு கடன் வாங்கலாம். அதற்கும் ஒரு பாலிசி கொடுப்பார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் கால்வாசிதான். அவன் பணத்தைக் காப்பாற்றவாவது பாலிசி உண்மையை எழுதிவைத்திருக்கிறது. அதே உண்மையை மறைக்கச் சம்பளம் வாங்கியவர்கள் மேல்தான் மிச்சம் முக்கால்வாசி. ஒன்று செய்யட்டும். 'நிரப்பிய நிலம், அமிழ்ந்தால் யாரும் பொறுப்பில்லை' என்ற வரியைத் திட்ட அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சடிக்கட்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன் சார்பதிவாளர் அதை உரக்கப் படிக்கட்டும். அதற்கப்புறம் முன்பணத்தோடு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.