வைவா மேசையில் நீர்க்கடுப்பு

தேர்வாளர்: 28 வயதுப் பெண். கர்ப்பம் இல்லை. இரண்டு நாளாக நீர்க்கடுப்பு, காய்ச்சல் இல்லை. என்னம்மா கொடுப்பாய்?

மாணவி: நைட்ரோஃபுரான்டாயின் சார். 100 மில்லிகிராம், இருவேளை, சாப்பாட்டோடு, 5 நாள்.

தேர்வாளர்: சிப்ரோஃப்ளாக்சசின் ஏன் வேண்டாம்? மருந்துக்கடையிலேயே கொடுக்கிறார்களே!

மாணவி: அதனால்தான் வேண்டாம் சார். கண்டபடி கொடுத்துக் கொடுத்து, நம் நாட்டு ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி அதற்கு அசைவதில்லை. நைட்ரோஃபுரான்டாயினுக்கு இன்னும் பெரும்பாலும் அடங்குகின்றன.

தேர்வாளர்: அவளே நாளை குளிர்காய்ச்சல், விலாவலியோடு வந்தால்?

மாணவி: மாத்திரையை மாற்றியாக வேண்டும் சார். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. இந்த மருந்து சிறுநீரில்தான் செறிகிறது. சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, ஊசிமருந்து தொடங்குவேன்.

தேர்வாளர்: சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு?

மாணவி: கொடுக்க மாட்டேன் சார். மருந்து சிறுநீரில் இறங்காது, கிருமி சாகாது. ரத்தத்தில் தேங்கி நரம்புகளைத்தான் கெடுக்கும்.