மூன்று பேருக்கு மட்டும் நன்றி

கோவையில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். என் வாழ்க்கையில் இரண்டு முறை மேடையேறி விருது வாங்கியிருக்கிறேன். முதல் விருது எனக்கு ஒரு நண்பனைக் குறைத்தது.

அன்று ஆண்டு விழா. இரண்டு பக்கம் நிறைய நன்றிப் பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். மொத்தம் 43 பேர். ஒரு பெயர், அவர் பதவி, கடைசியில் ஒரு 'அவர்களுக்கும்' என்று சொல்ல எப்படியும் நாலு விநாடி ஆகும். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட மூன்று நிமிடம். இதை நான் மேடைக்குப் போகும் முன் பெருக்கியிருக்க வேண்டும். பின்பக்கம் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்த வாசனை வந்த பிறகுதான் பெருக்கினேன்.

நேரம்கூடப் பரவாயில்லை. பட்டியலின் உண்மையான ஆபத்து கைத்தட்டலில் இருக்கிறது. நாலாவது பெயருக்கு யாரோ ஒரு புண்ணியவான் தட்டிவிட்டார். தட்டிவிட்டால் அடுத்தவருக்கும் தட்டாமல் இருக்க முடியுமா? ஐந்தாமவருக்குத் தட்டினார்கள், ஆறாமவருக்கும் தட்டினார்கள். பத்தாவது பெயருக்குக் கை வலி வந்துவிட்டது. பன்னிரண்டாமவர் எழுந்து பாதி கும்பிட்டபடி நின்றார். ஒரு சத்தமும் இல்லை. நான் நன்றி சொல்லாமலே இருந்திருந்தால் அந்த மனிதருக்கு அந்த அவமானம் வந்திருக்காது.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. பதினோரு வருடமாக என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர். பக்கத்திலேயே இருந்ததால் எழுதத் தோன்றவில்லை. ஒருவர் பெயரையும் சொல்லாத பேச்சில் அவர் விடுபட்டிருக்க மாட்டார். 43 பேர் சொல்லப்பட்ட பேச்சில்தான் விடுபட்டார். அதுவரை 'மாப்ளே' என்று கூப்பிட்டவர், மறுநாள் காலையில் 'சார்' என்றார். அந்த 'சார்' மூன்று மாதம் நீடித்தது.

இது எனக்கு மட்டும் நேர்கிற விபத்து இல்லை. 2000-ஆம் ஆண்டு ஆஸ்கர் மேடையில் ஹிலாரி ஸ்வாங்க் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கணவரை மறந்துவிட்டார். அந்தக் கணவர் கீழே உட்கார்ந்து கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே 45 விநாடி தாண்டினால் இசைக்குழு வாசிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் விழாவில் இசைக்குழு கிடையாது. ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் தட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இரண்டாவது விருது போன வருடம். நீர்மூழ்கி மோட்டார் ஸ்டேட்டர்களில் நூற்றுக்கு ஆறு வீதம் சோதனையில் தேறாமல் திரும்பிக்கொண்டிருந்தன. அது ஒன்றாகக் குறைந்தது. குறைத்தது நான் இல்லை. மேடை ஏறியது நான்.

இந்த முறை பட்டியல் கிடையாது, மூன்றே பெயர் என்று முடிவு செய்தேன். எந்த மூன்று? பதவி வரிசையில் எடுத்தால் மூன்றாவது ஆளே மனிதவளத் துறை மேலாளராக இருப்பார். அவருக்கும் ஸ்டேட்டருக்கும் சம்பந்தமில்லை. எனவே ஒரு சல்லடை வைத்துக்கொண்டேன். அந்த ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தில் வேறொருவர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதா? பொருந்தினால் அடித்துவிட வேண்டும். 'எனக்கு உறுதுணையாக இருந்தார்' என்பது 43 பேருக்கும் பொருந்தும், எங்கள் வாட்ச்மேன் வளர்க்கும் நாய்க்கும் பொருந்தும்.

தேறியவர்கள் மூவர். வைண்டிங் பிரிவு அக்கா ஒருவர், கம்பி நுழைக்கும் காடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "இங்க பிசிறு இருக்குதுங்க, கம்பி மேல சுத்துன உறையைக் கிழிக்குது" என்று சொன்னவர். நாங்கள் கம்பிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. டை ஃபிட்டர் ஒருவர், தகடு வெட்டும் டை மழுங்கியதால்தான் பிசிறு என்று கண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து தீட்டிக் கொடுத்தார். ஸ்டோர் பொறுப்பாளர், டை கடைசியாக எப்போது தீட்டப்பட்டது என்கிற பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். பெயர்களை மேடையில் சொன்னேன். இங்கே சொல்லவில்லை, அச்சில் வந்தால் புதிதாக நாற்பது பேர் கோபித்துக்கொள்வார்கள்.

சொல்லப் போகிறேன் என்று அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று. அக்கா யோசித்தார். "பேரைச் சொல்லுங்ண்ணா. விரல்ல வெட்டுப்பட்டுச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க. ஊட்டுக்காரரு வேலையை உடச் சொல்லிருவாரு" என்றார். என் பேச்சில் உருக்கமான இடமே அந்த வெட்டுக்காயம்தான். போயிற்று.

வீட்டில் மகள் செல்போனில் நேரம் பார்க்க, சொல்லிப் பார்த்தேன். 1 நிமிடம் 50 விநாடி. இதில் 'பெருமதிப்பிற்குரிய' என்று தொடங்கி மேடையில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேரை விளிக்கவே 30 விநாடி போயிருந்தது. அதை வெட்டினேன். விருது கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்ற பொய்யையும் வெட்டினேன். 'முக்கியமாக' என்ற சொல்லை மகள் வெட்டினாள். "மூணு பேர் முக்கியம்னா மத்தவங்க யாருப்பா?" என்றாள். பதினோராம் வகுப்புதான் படிக்கிறாள்.

மீதி நாற்பது பேருக்கு என்ன செய்வது? இங்கேயும் ஆஸ்கர்தான் கைகொடுத்தது. 2016-இல் அங்கே நன்றிப் பட்டியலைத் தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடவிட்டார்கள், பேசுகிறவர் வேறு ஏதாவது பேசட்டும் என்று. எங்களுக்குத் திரை இல்லை, கேன்டீன் கதவு இருந்தது. மேடையில் நான் பேசியது கடைசியில் இவ்வளவுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். இந்த வேலையில 43 பேர் கை இருக்குது. மூணு பேரோட கதையை மட்டும் சொல்றேன். மீதிப் பேர் எல்லாம் கேன்டீன் கதவுல ஒட்டியிருக்குது, சாப்பிடப் போறப்ப பாருங்க." பிறகு அந்த மூவர், ஆளுக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்தையும் பெயரில் கொண்டுபோய் முடித்தேன். பெயரை முதலில் சொன்னால் கைத்தட்டலில் செய்தி அமுங்கிவிடும். கடைசியில் சொன்னால் எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டுவார்கள். கடைசியாக, "ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் அடிச்சப்பெல்லாம் என்னைத் திட்டாம, ஃபோனை மட்டும் திட்டுன என் சம்சாரத்துக்கு" என்று முடித்தேன். 70 விநாடி. மூன்று கைத்தட்டல், ஒரு சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரர் பட்டியலில் முதல் ஆளாக இருந்தார். அகர வரிசைப்படி இல்லை, பயத்தின் வரிசைப்படி.

விழாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கேன்டீன் கதவுப் பக்கம் போனேன். அச்சடித்த பெயர்களுக்குக் கீழே பேனாவில் பதினோரு பெயர் முளைத்திருந்தது. இரண்டு பேர் விழாவுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் டீ மாஸ்டர். அவரை விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கடைசியில், பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு டை ஃபிட்டர் பெயர். மேடையில் சொன்ன மூவரைத்தான் பட்டியலில் சேர்க்கவில்லையே!

"ஏனுங்க, உங்க பேரைத்தான் மைக்குலயே சொன்னனே?" என்றேன்.

"மைக்குல சொன்னது காத்துல போயிருச்சுங்க," என்றார், கையில் இருந்த பேனாவை மூடிக்கொண்டே. "இது ஒட்டியிருக்குதல்லங்க."