மாதக் கடைசி வாக்கில்

எங்கள் வத்திராயிருப்பு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஆட்களுக்குக் கெடு வைத்துப் பேசத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். 'காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்' என்று இரண்டு முனையையும் கட்டி அச்சடித்திருப்பார்கள். அதில் 'ஏறக்குறைய' கிடையாது, 'ஆண்டவன் சித்தப்படி' கிடையாது. அப்படி அச்சடித்த அதே மனிதர், கம்பெனி லெட்டர்பேடில் வெளிநாட்டு வியாபாரிக்கு எழுத உட்கார்ந்தால், 'மாதக் கடைசி வாக்கில்' என்கிறார். ஆகவே தேதி சொல்லத் தெரியாததல்ல கோளாறு. கெட்ட செய்தியைத் தேதியோடு சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். சரக்கு கடல் தாண்டும்போது அந்த மரியாதைக்கும் சரக்குக்கட்டணம் விழுகிறது என்பதுதான் என் கட்சி.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதியில் விசைத்தறியில் மருத்துவ பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே ஓர் ஏற்றுமதியாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேர் வேண்டாம், கற்பனை ஆள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து வியாபாரி இருபதடி கண்டெய்னர் ஒன்று நிறைய பேண்டேஜ் கேட்டிருக்கிறார். எல்.சி.யில் கப்பலேற்ற வேண்டிய கடைசித் தேதி மே 20. மே போய்விட்டது, துணி இன்னும் தறியில். ஜூன் 10 அன்று அந்த வியாபாரி, 'டெலிவரி எப்போது எதிர்பார்க்கலாம்?' என்று ஒற்றை வரியில் கேட்கிறார். ஆபீஸ் பையன் நேர்மையாக, 'ஜூலை 12 வாக்கில் தூத்துக்குடியில் கப்பலேறும்' என்று அடித்துக் காட்டுகிறான். முதலாளி பதறுகிறார்: 'தேதியெல்லாம் போடாதப்பா, நாளைக்கு அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான். நயமா எழுது.' நயமாகப் போன மெயில் இது: 'தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி. எங்களால் இயன்ற அனைத்தையும் செய்து வருகிறோம். டெலிவரி மாதக் கடைசி வாக்கில் இருக்கும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அங்கிருந்து 'குறித்துக்கொண்டேன், நன்றி' என்று பதில் வந்ததும், 'பாத்தியா, ஒண்ணும் சொல்லல' என்று முதலாளி காப்பி வரவழைக்கிறார்.

ஹாம்பர்க்காரர் என்ன குறித்துக்கொண்டார் என்பதில்தான் கதை இருக்கிறது. செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு, 2023 கடைசியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கண்டெய்னர் கப்பல்கள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது அவருக்குத் தெரியும். மே 20க்குள் ஏறிய சரக்கு ஆறு வாரம் மிதந்தால் ஜூன் கடைசியில் ஹாம்பர்க் வரும். மெயிலும் 'மாதக் கடைசி' என்கிறது. கணக்கு அச்சாகப் பொருந்துகிறதே! சரக்கு நடுக்கடலில் இருக்கிறது என்று நம்பி, ஆஸ்பத்திரிகளுக்கு ஜூலை முதல் வாரத்தில் தருவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறார். நம்மவர் மனதில் இருந்ததோ, மாதக் கடைசியில் துணி தறியை விட்டு இறங்கும் என்பது. அதற்கப்புறம் வெளுக்க வேண்டும், வெட்டிச் சுருட்டிப் பெட்டி கட்ட வேண்டும், தூத்துக்குடிக்கு லாரி ஏற்ற வேண்டும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தேதி இல்லாத இடத்தில் ஆளுக்கொரு தேதியைத் தனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஏறியதா இல்லையா என்பதைச் சொல்லும் கப்பல் பேரையோ கண்டெய்னர் நம்பரையோ அவர் கேட்டிருக்கலாம். ஆனால் அவ்வளவு மரியாதையாக எழுதியவரிடம் அதைக் கேட்க அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும் போல.

ஜூலை பிறந்ததும் குட்டு உடைகிறது. 'நீங்கதானே குறிச்சுக்கிட்டேன்னு எழுதினீங்க' என்கிறார் நம்மவர். அந்த மெயிலை பாங்கு சீண்டாது. எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600ன்படி பாங்கு பார்ப்பது ஆவணங்களை மட்டும். கடைசித் தேதியைத் தள்ளிப் போட வேண்டுமானால், எல்.சி. திறந்த பாங்கே திருத்தம் தர வேண்டும். வாங்குபவர் மெயிலில் தலையாட்டினால் போதாது. இப்போது பிடி ஹாம்பர்க்காரர் கையில். 'திருத்தம் வாங்கித் தருகிறேன், ஆனால் சரக்கு உங்கள் செலவில் விமானத்தில் வர வேண்டும்' என்கிறார். பேண்டேஜ் துணிக்கும் விமானத்துக்கும் ஜாதகமே பொருந்தாது. சரக்கு லேசாக இருந்து இடத்தை அடைத்தால், விமானக் கம்பெனி ஒரு கன மீட்டருக்கு 167 கிலோ என்று கணக்கு வைத்து வசூலிப்பது வழக்கம். இருபதடி கண்டெய்னரில் 28 கன மீட்டர் சரக்கு என்றால் 4,676 கிலோ. கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைத்தாலும் 11 லட்சத்து 69 ஆயிரம். பெட்டிக்குள் துணியோடு பயணம் செய்த காற்றுக்கும் சேர்த்து நம்மவர் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

'கரண்ட் எப்போது போகும், நூல் எப்போது வரும், கப்பல் எப்போது கிளம்பும் என்று எவனுக்குத் தெரியும்? இந்த லட்சணத்தில் தேதி எப்படிக் கொடுப்பது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நிச்சயமின்மைக்கு விதிப் புத்தகமே இடம் வைத்திருக்கிறது. யு.சி.பி. 600ன்படி, எல்.சி.யில் ஒரு தேதியை 'வாக்கில்' என்று போட்டால் அதற்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும் செல்லும். மாதக் 'கடைசி' என்றால் 21ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை. 'உடனடியாக', 'கூடிய விரைவில்' போன்ற சொற்களை மட்டும், ஆவணத்திலேயே இடம்பெற வேண்டியவையாக இருந்தாலொழிய, கண்டுகொள்ளவே கூடாது. நம் மெயில்களில் பாதி அந்தச் சொற்கள்தான். இந்த விதி எல்.சி.க்குத்தான், மெயிலுக்கு அல்ல என்பது சரி. அதனால்தான் மெயிலில் இன்னும் கூடுதலாக, எந்தத் தேதி எந்தக் காரியத்துக்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் என்ன குடியா முழுகிவிடும்?' என்பார் இன்னொருவர். 1874ல் சென்னைக் கரையிலிருந்து லண்டனுக்கு 600 டன் அரிசி அனுப்ப ஒப்பந்தம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏற்ற வேண்டும் என்று பேச்சு. 'ராஜா ஆஃப் கொச்சின்' என்ற கப்பலில் ஏறக்குறைய முழு அரிசியும் பிப்ரவரியிலேயே ஏறிவிட்டது. தாமதம்கூட இல்லை, சுறுசுறுப்பு! அரிசியில் குற்றம் இருந்ததாகவும் பேச்சில்லை. ஆனாலும் வாங்கியவர்கள் வேண்டாம் என்று தள்ளியது செல்லும் என்று 1877ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டம் படிப்பவர்கள் 'போவ்ஸ் எதிர் ஷாண்ட்' என்று இன்றைக்கும் படிக்கும் வழக்கு அது. முந்தி ஏற்றிய அரிசிக்கே அந்த கதி.

'பட்டென்று சொன்னால் பார்ட்டி ஓடிவிடுவானே' என்பதுதான் உண்மையான பயம். ஓடலாம், மறுக்கவில்லை. ஆனால் ஜூன் 10ல் தெரிந்திருந்தால் ஹாம்பர்க்காரர் ஆஸ்பத்திரிகளுக்கு வாக்குக் கொடுத்திருக்க மாட்டார். அவசரத்துக்குக் கொஞ்சம் சரக்கை வேறிடத்தில் வாங்கியிருப்பார். அல்லது பத்துப் பெட்டியை மட்டும் விமானத்தில் கேட்டிருப்பார். பையன் அடித்த மெயிலில் கொஞ்சம் சேர்த்தாலே போதுமாக இருந்தது: 'துணி இன்னும் தறியில் இருக்கிறது, வருந்துகிறோம். ஜூன் 30க்குள் நெசவு முடியும். ஜூலை 7 முதல் 12க்குள் தூத்துக்குடியில் கப்பலேறும். கப்பல் ஹாம்பர்க் சேர அதற்குமேல் ஆறு வாரம் பிடிக்கும். எல்.சி. தேதியை ஜூலை 15 வரை நீட்டித்துத் தர வேண்டுகிறோம்.' இதற்கு மேலே 'மேலான ஆதரவு', கீழே 'பணிவன்புடன்' எல்லாம் முதலாளி இஷ்டம்போல் போட்டுக்கொள்ளலாம். மெயிலுக்குக் கன மீட்டர் கணக்கு கிடையாது.