எப்போது உறையும் கணக்கு?

சர்வர் மேம்பாட்டுக்காகச் சேவை நிறுத்தம் என்று வங்கியிலிருந்து செய்தி வந்தால், முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
*(வாசகர், பெரம்பலூர்)*

சேவை நிற்கும் நேரத்தை அல்ல, கணக்கு உறையும் நேரத்தை! 2024 ஜூலை 13-ல் எச்டிஎஃப்சி வங்கி தன் மையக் கணினி அமைப்பை மாற்றியது. அதிகாலை 3 முதல் மாலை 4.30 வரை என்று அறிவிப்பு. யுபிஐ முழுவதும் நிற்கவில்லை: 3 முதல் 3.45 வரை, பிறகு காலை 9.30 முதல் 12.45 வரை மட்டுமே. ஏடிஎம்மில் குறைந்த தொகை எடுக்கலாம். ஆனால் திரையில் தெரியும் இருப்பு, முந்தைய நாள் இரவு 7.30 மணியின் இருப்பு. அதற்குப் பிறகு வந்ததும் போனதும் அதில் தெரியாது. ஆகவே காலையில் பணம் எடுத்தவர், இருப்பு குறையவில்லையே என்று மகிழ்ந்திருந்தால் அது மாலை வரைதான். பெரிய தொகை அனுப்ப வேண்டியவர்கள் முந்தைய மாலையே முடித்திருக்க வேண்டும்.

நிறுத்தாமலே மாற்ற முடியாதா?
*(வாசகி, அரியலூர்)*

உங்கள் ஊர் சிமென்ட் ஆலையில் சூளை எரியும்போதே உள்செங்கல்லை மாற்றுவார்களா? பழைய சர்வரிலிருந்து கணக்குகளை நகலெடுத்து முடித்த பிறகு அதே பழைய சர்வரில் ஒருவர் 500 ரூபாய் எடுத்தால், புதியதற்கு அது தெரியாது. இரண்டும் இரண்டு தொகை சொல்லும். கடைசி வரவு செலவு வரை இரண்டு பக்கமும் ஒன்றென்று சரிபார்க்கத்தான் கதவைச் சாத்துகிறார்கள். எச்டிஎஃப்சி மாற்றிய அந்த ஜூலை 13 இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி அக்கறை தெரிகிறது.