ரெட்ரோ குறிப்பாளர்

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி பதித்த எந்த மென்பொருள் அலுவலகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கேப் பிடிக்க ஓடும்போது ஒருவர் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். பாட்டு கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். இரண்டு வார ஸ்பிரிண்ட் முடிந்து நடந்த ரெட்ரோவின் ரெக்கார்டிங்கைக் கேட்கிறார். எது நல்லா போச்சு, எது வலிச்சுது, அடுத்து எதை முயன்று பார்க்கப் போகிறோம் என்று ஒரே பக்கத்தில் எழுதுவது இவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல. ஒரு தரம் செய்தார், அதோடு அது இவர் தலையில் விடிந்தது.

தானாகத் தட்டச்சாகும் உரை இருக்கிறதே என்பீர்கள். அதில் நாம் 'சரி சரி' என்ற இடமெல்லாம் 'சாரி சாரி' என்று விழுந்திருக்கும். படித்தால் மொத்த டீமும் ஒரு மணி நேரம் மன்னிப்புக் கேட்டது போலிருக்கும். அதனால் இவர் காதைத்தான் நம்புவார்.

முதல் ஏழு நிமிடம் 'ஆடியோ கேக்குதா?'. அதைத் தாண்டியதும் நல்ல சேதிகள். 'டீம் வொர்க் சூப்பர்' என்பதை இவர் எழுத மாட்டார். 'புதன்கிழமை பேமென்ட் பக்கம் விழுந்தது; ஃபீச்சர் ஃப்ளாக் இருந்ததால் பத்து நிமிடத்தில் பழைய பக்கத்துக்குத் திரும்பினோம்' என்று யாராவது சொன்னால் எழுதுவார். அடுத்த தடவையும் ஃப்ளாக் போடலாம் அல்லவா? சூப்பரை எப்படிப் போடுவது?

வலி வேறு விஷயம். அது சத்தமாக வராது. 34-ஆவது நிமிடத்தில் டெஸ்டர் பெண் மெல்லிய குரலில், "எனக்கு பில்டு வியாழக்கிழமை சாயங்காலம்தான் வந்துச்சு" என்கிறாள். உடனே மேனேஜர், "ஓகே, நெக்ஸ்ட்." இவர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்பார். டெமோ வெள்ளி காலை பத்து மணிக்கு. அப்படியானால் அவள் ராத்திரி கண் விழித்திருக்கிறாள். பில்டு ஏன் தாமதம்? பத்து நிமிடம் முன்னால் வேறொருவர் சிடுசிடுத்தது நினைவுக்கு வரும்: "என் பி.ஆர். ஒரு வாரமா கிடக்குது, யாரும் ரிவ்யூ பண்ணல."

ஒரு வாரமா? எழுதுவதற்கு முன் கிட்டைத் திறந்து பார்ப்பார். கிடந்தது இரண்டரை நாள். அதற்காக அவரைப் பொய்யர் ஆக்க மாட்டார். காத்திருப்பவனுக்கு இரண்டரை நாள் ஒரு வாரம்தான். ரிவ்யூ செய்யாதவர் பெயரையும் போட மாட்டார். 'மூன்று பி.ஆர்.கள் இரண்டு நாளுக்கு மேல் ரிவ்யூவுக்குக் காத்திருந்தன, அதனால் டெஸ்டிங்குக்கு மிஞ்சியது ஒரு ராத்திரி' என்று எழுதிவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு மெசேஜ்: "இதைப் போடலாமாம்மா?" 'கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்' என்று எழுதியிருந்தால் யாரையும் கேட்க வேண்டியிருந்திருக்காது, யாருக்கும் பயனும் இருந்திருக்காது.

இவருடைய பிடிவாதமெல்லாம் மூன்றாவது தலைப்பில். 'பண்ணலாம்', 'பார்க்கலாம்', 'யோசிக்கலாம்' எதையும் ஒப்புதலாக ஏற்க மாட்டார். யார், எதை, எதுவரைக்கும், பலித்ததா என்று எப்படித் தெரியும் – நான்கும் வேண்டும். அந்த ரெக்கார்டிங்கில் நான்கும் முதலில் தேறியது பிரியாணி ட்ரீட்டுக்கு மட்டும்: ஆள் முடிவு, நாள் முடிவு, கடை முடிவு, லெக் பீஸ் எத்தனை என்பது உட்பட. அதற்குப் பிறகு எப்படியோ இன்னொன்றும் தேறியது. அடுத்த ஸ்பிரிண்டுக்கு மட்டும், ஸ்டாண்டப் முடிந்ததும் முதல் அரைமணி நேரம் ரிவ்யூ, அதற்கப்புறம்தான் சொந்த கோடு. இரண்டு நாளைத் தாண்டிக் காத்திருக்கும் பி.ஆர். எத்தனை என்று ஒருவர் தினமும் எண்ணுவார். மூன்று ஒன்றாகக் குறைந்தால் தொடர்வது, குறையாவிட்டால் விட்டுவிடுவது.

மற்றதெல்லாம் அடியில், 'பேசினோம், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை' என்ற வரிக்குக் கீழே போய்விடும். குறிப்பைக் குழுவுக்கு அனுப்பி ஒரு நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருப்பார். பிறகு ரெக்கார்டிங்கை அழித்துவிடுவார். அழிப்பார் என்று தெரிந்தால்தான் அடுத்த தடவையும் வாய் திறப்பார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் வருவார்.

"டெஸ்ட் ஆட்டோமேஷன் பேசினோமே, அதையும் மேல போட்டுடுங்க. மேலிடத்துக்கு அனுப்பணும்."

"பேசினோம் சார். யாரு எடுத்துக்கிட்டாங்க?"

"டீம்தான்."

"டீம்னு போட்டா யாருமே இல்லைன்னு அர்த்தம் சார். நீங்கதான சொன்னீங்க, உங்க பேரைப் போட்டுடட்டுமா? எந்தத் தேதிக்குள்ளன்னு சொல்லுங்க."

மேனேஜர் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார்.

"வேணாம். கீழயே இருக்கட்டும். அந்த இடமும் நல்லாத்தான் இருக்கு."