சொந்தக் கதை வழுவியல்

சொந்தக் கதை எழுதுவோர் செய்யும் வழுக்கள் இரு குலத்தவை: காலத்தில் வழுக்குவன, கண்ணில் வழுக்குவன. இரண்டும் பெரும்பாலும் ஒரே பத்தியில்தான் குடித்தனம் நடத்தும். ஆய்வுக்கு ஓர் உருப்படி:

"பஸ் உளுந்தூர்பேட்டையில் நின்றது. இறங்கி டீ வாங்குகிறேன். நூறு ரூபாயை நீட்டியதும் கடைக்காரர் 'காலையிலேயே வந்துட்டான்' என்று மனதுக்குள் திட்டினார். இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்குக் கை உதறும். திரும்பிப் பார்த்தால் பஸ் போய்க்கொண்டிருக்கிறது."

முதலில் காலவழு. பிடிக்கும் முறை எளிது: வினைமுற்றுகளை மட்டும் கோடிடுக. நின்றது, வாங்குகிறேன், திட்டினார், உதறும், போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் வரும் 'இறங்கி' போன்ற எச்சங்களைத் தொட வேண்டாம். அவை முற்று போகும் காலத்துக்கே போகும். கோடிட்டவற்றை வரிசையாக வாசித்தால் எந்த இடத்தில் காலம் தாவியது என்பது கண்ணில் படும். பஸ் கிளம்பும் உச்சத்தில் நிகழ்காலம் வந்தால் மன்னிக்கலாம். டீ வாங்குவதில் என்ன உச்சம்?

எல்லாத் தாவலும் குற்றமன்று. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களுக்கு நன்னூலே இடம் தருகிறது. "சாப்பிட வா" என்றதும் இருந்த இடத்திலிருந்தே "வந்துட்டேன்" என்பவன் முதல் வகை. இன்னொரு பொய்க்குற்றவாளியும் உண்டு: "அப்பா ஐந்து மணிக்கே எழுவார்." பார்க்க எதிர்காலம், சொல்வது பழைய வழக்கம். திருத்துகிறேன் பேர்வழி என்று இதை 'எழுந்தார்' ஆக்குபவர், ஒரு மனிதரின் ஆயுட்காலப் பழக்கத்தை ஒரே ஒரு காலையாகச் சுருக்கிவிடுகிறார்.

அடுத்தது கண்வழு. 'நான்' என்று எழுதாவிட்டாலும் 'வாங்குகிறேன்' என்பதன் விகுதியே கதை யார் கண்ணில் நடக்கிறது என்று சொல்லிவிடும். அந்தக் கண்ணுக்குக் கடைக்காரரின் மனம் தெரியாது. ஆகவே அவர் திட்டியது கூடுவிட்டுக் கூடு பாய்தல். 'உங்களுக்கு' என்பது வேறு வகை. இதற்குத் தள்ளிவிடுதல் என்று பெயரிடலாம். வெட்கம் வரும் இடத்தில்தான் இது முளைக்கும். நடுங்கியது எழுதுபவரின் கை. அதை வாசகர் தோளில் மாட்டிவிட்டு நழுவுகிறார்.

திருத்திய பின்:

"பஸ் உளுந்தூர்பேட்டையில் நின்றது. இறங்கி டீ வாங்கினேன். நூறு ரூபாயை நீட்டியதும் கடைக்காரர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லாவைத் திறக்கவில்லை. எனக்குக் கை உதறியது. திரும்பிப் பார்த்தால் பஸ் போய்க்கொண்டிருந்தது."

'பார்த்தால்' காலம் காட்டாது, இருந்துவிட்டுப் போகட்டும். 'காலையிலேயே வந்துட்டான்' போனதில் வருத்தமிருந்தால், கடைக்காரர் அதை வாய்விட்டே சொல்லட்டும். மேற்கோளுக்குள் இருப்பது அவர் காலம், அவர் கண். அங்கே இந்த இயலுக்கு அதிகாரம் இல்லை.